ஆண்டின் மிக நீண்ட பகல் ஜூன் 21 என்றால், சூரியன் மிகத் தாமதமாக மறைவது ஏன் ஜூலையில்?

கடற்கரைவாசி (சென்னை)

எங்கள் வீட்டு நாட்காட்டியில் ஒவ்வொரு தாளின் கீழும் சூரிய உதயமும் அஸ்தமனமும் அச்சிடப்பட்டிருக்கின்றன. ஆண்டின் மிக நீண்ட பகல் ஜூன் 21 அன்று வருவதால், அன்றுதான் சூரியன் எல்லா நாட்களையும்விட முன்னதாக உதித்து, எல்லா நாட்களையும்விடத் தாமதமாக மறைய வேண்டும் என்று நான் கருதியிருந்தேன். தாள்களைப் புரட்டிப் பார்த்தால் சென்னையில் மிக முந்திய உதயம் ஜூன் மாதத் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. ஜூன் 21 ஆகிய கதிர்த்திருப்ப நாளில் உதயம் ஏற்கனவே இரண்டு மூன்று நிமிடம் பின்னால் போயிருக்கிறது. அஸ்தமனமோ ஜூலை இரண்டாம் வாரம் வரை தள்ளிக்கொண்டே போகிறது. இணையத்தில் கிடைக்கும் வானியல் கணிப்புகளும் இதையே காட்டுவதால் இதை அச்சுப்பிழை என்று ஒதுக்க முடியவில்லை. பகல் சுருங்கத் தொடங்கிய பிறகும் மாலை நீள்வது எப்படி என்பதை யாராவது விளக்க வேண்டும்.

நெய்தல்

பூமி சூரியனை நீள்வட்டப் பாதையில் சுற்றுவதுதான் காரணம். ஜனவரி தொடக்கத்தில் நாம் சூரியனுக்கு மிக அருகிலும், ஜூலை தொடக்கத்தில் மிகத் தொலைவிலும் இருக்கிறோம். அருகில் இருக்கும்போது பூமி வேகமாகவும் தொலைவில் மெதுவாகவும் நகர்வதால் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் கடிகாரத்தோடு ஒத்துப்போவதில்லை. உதயமும் அஸ்தமனமும் அதனால்தான் தள்ளிப் போகின்றன.

தஞ்சைப் பெரியவர்

இதில் குழப்பத்திற்கு இடமே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நம் பஞ்சாங்கப்படி உத்தராயணம் தை முதல் நாளிலும் தட்சிணாயனம் ஆடி முதல் நாளிலும் பிறக்கின்றன. ஆடி பிறப்பது ஜூலை நடுவில். அதுவரை சூரியன் வடக்கு நோக்கியே செல்கிறான் என்றால் அதுவரை மாலை நீள்வதும் இயல்புதானே? ஆங்கில நாட்காட்டியின் ஜூன் 21ஐ ஏன் அளவுகோலாகக் கொள்ள வேண்டும்?

ஞாயிறுநோக்கி

முதலில் பெரியவர் ஐயா சொன்னதற்கு வருகிறேன். ஜூன் 21 என்பது நாட்காட்டி வழக்கு அன்று; பூமியின் நடுவரைக்கு நேர் மேலே வானில் ஓடும் வான நடுவரைக்கு வடக்கே சூரியன் 23.4 டிகிரியை எட்டித் திரும்பும் நாள். சென்னையில் ஒரு கம்பை நட்டு நண்பகல் நிழலைப் பார்த்தால் இதைக் கண்ணாலேயே காணலாம். சென்னையின் அகலாங்கு 13 டிகிரி என்பதால் ஜூனில் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். அந்தத் தெற்கு நிழல் மிக நீளமாக இருப்பது ஜூன் 21ஐ ஒட்டியே தவிர ஆடிப் பிறப்பில் அன்று. நம் மாதங்கள் விண்மீன்களை அடிப்படையாகக் கொண்ட நிராயனக் கணக்கில் பிறக்கின்றன. பருவங்கள் சூரியனின் திருப்பங்களை ஒட்டிய சாயனக் கணக்கில் நடக்கின்றன. இரண்டுக்கும் இடையே இன்று அயனாம்சம் எனப்படும் ஏறத்தாழ 24 டிகிரி இடைவெளி இருப்பதால்தான் தை முதல் நாள் உண்மையான திருப்பத்திலிருந்து மூன்று வாரத்துக்கு மேல் விலகி நிற்கிறது. ஆகவே மாலை ஜூலை வரை நீள்வதும் ஆடி ஜூலையில் பிறப்பதும் தொடர்பில்லாத இரண்டு செய்திகள்.

இப்போது கேள்விக்கு வருவோம். பகலின் நீளம் வேறு, அந்தப் பகல் கடிகாரத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது வேறு. பகலின் நடுப்புள்ளி சூரியன் உச்சிக்கு வரும் கணம். அதிலிருந்து அரைப் பகலைக் கழித்தால் உதயம், கூட்டினால் அஸ்தமனம். நடுப்புள்ளி ஆண்டு முழுவதும் ஒரே கடிகார நேரத்தில் அசையாமல் நின்றிருந்தால் நீங்கள் எதிர்பார்த்தபடியே மிக முந்திய உதயமும் மிகப் பிந்திய அஸ்தமனமும் ஜூன் 21இல் சேர்ந்து வந்திருக்கும். ஆனால் நடுப்புள்ளி நகர்கிறது. ஜூன் 21ஐ ஒட்டி, ஓர் உச்சிப்பொழுதிலிருந்து அடுத்த உச்சிப்பொழுது வரை 24 மணி நேரமும் ஏறத்தாழ 13 வினாடியும் ஆகிறது. அதாவது முழுப் பகலும் நாள்தோறும் 13 வினாடி பிந்துகிறது.

சென்னைக்கு நான் கணக்கிட்ட எண்களைத் தருகிறேன். ஜூன் 1 அன்று உதயம் 5.41, உச்சி 12.07, அஸ்தமனம் மாலை 6.32. ஜூன் 21 அன்று உதயம் 5.44, உச்சி 12.11, அஸ்தமனம் 6.38. இந்த இருபது நாட்களில் அரைப் பகல் ஒன்றரை நிமிடம் மட்டுமே நீண்டது; உச்சிப்பொழுதோ ஏறத்தாழ 4 நிமிடம் பின்னால் போயிற்று. பகல் நீண்டதால் உதயம் ஒன்றரை நிமிடம் முன்னால் வந்திருக்க வேண்டும், உச்சி நகர்ந்ததால் 4 நிமிடம் பின்னால் போக வேண்டும். இரண்டாவது வென்றதால் உதயம் இரண்டரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிந்தியது. மாலையில் இரண்டும் ஒரே பக்கம் இழுப்பதால் அஸ்தமனம் ஐந்தரை நிமிடம் பிந்தியது. ஜூன் 21க்குப் பிறகு அரைப் பகல் சுருங்கத் தொடங்கினாலும், தொடக்கத்தில் அது மிக மெதுவாகவே சுருங்கும். ஜூலை 1 அளவில் அரைப் பகல் நாளுக்கு 5 வினாடி குறைய, உச்சி நாளுக்கு 12 வினாடி பிந்துகிறது. மீதி 7 வினாடி மாலைக்கு லாபம். இந்த இழுபறி சமமாகும் நாள் ஜூலை 9ஐ ஒட்டி வருகிறது. அன்று உதயம் 5.48, உச்சி 12.14, அஸ்தமனம் 6.40.

நெய்தல் சொன்ன காரணம் உண்மையில் இருக்கிறது, ஆனால் அது சிறிய பங்கு. ஜூனில் அது எதிர்த்திசையில் வேறு வேலை செய்கிறது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

கடற்கரைவாசி (சென்னை)

உச்சிப்பொழுது நகர்கிறது என்ற இடம் தெளிவாயிற்று. அது நகர்வதற்கு இந்தியச் சீர்நேரம் காரணமா? நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கக்கோட்டுக்கு ஏற்றது, சென்னையோ 80.3 டிகிரியில் இருக்கிறது. சென்னைக்கென்று தனி நேரம் வைத்துக்கொண்டால் இந்த முரண் மறைந்துவிடுமா?

ஞாயிறுநோக்கி

மறையாது. தீர்க்கக்கோட்டு வேறுபாட்டால் சென்னையின் உச்சிப்பொழுது ஆண்டு முழுவதும் ஒரே அளவில், அதாவது 9 நிமிடம், தள்ளியிருக்கும். நிலையான ஓர் எண்ணைக் கூட்டினாலும் கழித்தாலும் எந்த நாள் உச்சம் என்பது மாறாது. இந்தியச் சீர்நேரம் 1906இல் நடைமுறைக்கு வருவதற்கு முன் இங்கே சென்னை நேரம் புழங்கியது. 1792இல் நிறுவப்பட்ட சென்னை வானாய்வகத்தின் தீர்க்கக்கோட்டை ஒட்டிய நேரம் அது. அந்தக் கடிகாரத்திலும் மிகப் பிந்திய அஸ்தமனம் ஜூலை இரண்டாம் வாரத்தில்தான் வந்திருக்கும், கடிகாரம் காட்டும் மணி மட்டுமே வேறு. காற்று மண்டலம் ஒளியை வளைப்பதும் இப்படித்தான். அது உதயத்தை முன்னும் அஸ்தமனத்தைப் பின்னும் ஏறக்குறையச் சம அளவில் தள்ளுவதால் பகலின் நடுப்புள்ளியை அசைப்பதில்லை.

நெய்தல்

எதிர்த்திசை என்று சொன்னீர்கள், அதை நான் ஏற்கவில்லை. ஜூலை தொடக்கத்தில் பூமி சூரியனிலிருந்து மிகத் தொலைவில் இருக்கிறது, மிக மெதுவாகச் செல்கிறது. மெதுவாகச் செல்வதால் நேரம் பிந்துகிறது. இதில் எதிர்த்திசை எங்கே வந்தது?

ஞாயிறுநோக்கி

அந்த «மெதுவாகச் செல்வதால் பிந்துகிறது» என்ற படியில்தான் பிசகு இருக்கிறது. பூமி தன்னைத்தானே ஒரு முழுச் சுற்று சுற்ற 23 மணி 56 நிமிடம் ஆகிறது. அதற்குள் பூமி தன் பாதையில் ஏறத்தாழ ஒரு டிகிரி நகர்ந்துவிடுவதால், சூரியனை மறுபடி உச்சிக்குக் கொண்டுவர இன்னும் 4 நிமிடம் அளவுக்குச் சுழல வேண்டியிருக்கிறது. பாதையில் மெதுவாக நகர்ந்தால் இந்தக் கூடுதல் சுழற்சி குறைகிறது, உச்சிப்பொழுது முன்னால் வருகிறது. ஜூன் மாதத்தில் நீள்வட்டத்தால் மட்டும் விளையும் மாற்றம் நாளுக்கு 8 வினாடி முந்துவது. வேறு காரணமே இல்லையென்றால், நீங்கள் சொல்லும் காரணம் மிகப் பிந்திய அஸ்தமனத்தை ஜூன் 21க்கு முன்னால் கொண்டுபோய் வைத்திருக்கும். நாட்காட்டி அதற்கு நேர் எதிராகக் காட்டுகிறது.

பெரிய பங்கு பூமியின் அச்சுச் சாய்வினுடையது. சூரியன் விண்மீன்களுக்கு இடையே ஆண்டில் ஒரு முறை சுற்றி வரும் பாதை வான நடுவரைக்குச் சாய்ந்து கிடக்கிறது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் சூரியன் அந்த நடுவரையைச் சாய்வாகக் கடக்கிறது. அதன் நகர்வில் ஒரு பகுதி வடக்கு தெற்காகச் செலவாகி, கிழக்கு நோக்கிய பகுதி குறைந்துவிடுகிறது. கதிர்த்திருப்பத்தை ஒட்டி நகர்வு முழுவதும் கிழக்கு நோக்கியதாகிறது. அதோடு சூரியன் அப்போது நடுவரையிலிருந்து விலகி 23.4 டிகிரியில் இருக்கிறது. வானத்தின் தீர்க்கக்கோடுகள் ஆரஞ்சுச் சுளைகளின் விளிம்புகளைப் போல முனைகளை நோக்கி நெருங்குவதால், அங்கே ஒரு டிகிரி கிழக்கே போனால் ஒரு டிகிரிக்கும் மேலான தீர்க்கக்கோட்டைக் கடந்ததாகும். சரியாகச் சொன்னால் 1.09 டிகிரி. கடக்க வேண்டிய அளவு கூடியதால் பூமி கூடுதலாகச் சுழல வேண்டியதும் கூடுகிறது. சாய்வால் மட்டும் வருவது நாளுக்கு 21 வினாடி, அதுவும் ஜூன் டிசம்பர் இரண்டிலும் பிந்தும் பக்கமே.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஜூனில் சாய்வு 21 வினாடி பிந்தச் செய்கிறது, நீள்வட்டம் 8 வினாடி முந்தச் செய்கிறது, நிகரம் 13 வினாடி. டிசம்பரில் பூமி சூரியனுக்கு அருகில் வேகமாகச் செல்வதால் நீள்வட்டமும் பிந்தும் பக்கமே சேர்ந்து நாளுக்கு ஏறத்தாழ 30 வினாடி ஆகிறது. நீள்வட்டம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் இரண்டு திருப்பங்களிலும் விலகல் எதிரெதிர்த் திசையில் இருந்திருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே திசையில் இருப்பதும், டிசம்பரில் கூடுதலாக இருப்பதும் இந்த இரண்டு காரணங்களைத் தனித்தனியே அடையாளம் காட்டிவிடுகின்றன.

தஞ்சைப் பெரியவர்

டிசம்பரைக் குறிப்பிட்டதால் என் அனுபவத்தைச் சொல்கிறேன். மார்கழியில் விடியற்காலை கோயிலுக்குப் போகிறவன் நான். தை பிறந்தால் பொழுது சீக்கிரம் விடியும் என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் பொங்கல் கழிந்த பிறகும் காலை இருட்டு குறைவதில்லை, இன்னும் கூடுகிறது என்றே எனக்குப் படும். குளிரால் அப்படித் தோன்றுகிறது என்று நினைத்திருந்தேன்.

ஞாயிறுநோக்கி

குளிர் காரணமன்று, ஐயா. நீங்கள் பார்த்தது உண்மை. சென்னைக் கணக்கில், டிசம்பர் 21 அன்று உதயம் காலை 6.26, ஜனவரி 23 வாக்கில் 6.36. தஞ்சாவூரில் எண்கள் சற்று மாறும், போக்கு மாறாது. இந்த ஒரு மாதத்தில் பகல் 8 நிமிடம் வளர்ந்திருக்கிறது. ஆனால் அந்த வளர்ச்சி முழுவதும் மாலையில் சேர்ந்ததோடு நிற்காமல், காலையிலிருந்தும் ஒன்பதரை நிமிடம் எடுக்கப்பட்டு மாலையில் சேர்ந்திருக்கிறது. அஸ்தமனம் 5.48லிருந்து 6.05க்குப் போயிருக்கிறது. மிக முந்திய அஸ்தமனம் இதற்கெல்லாம் வெகு முன்னதாக, கார்த்திகை மாதத்தின் முதல் வாரத்தில், நவம்பர் 20ஐ ஒட்டி 5.39க்கு நடந்து முடிந்துவிடுகிறது. ஜூனில் மூன்று வாரத்துக்குள் நின்ற விலகல் டிசம்பரில் ஒரு மாதத்துக்கும் மேல் நீள்வது அந்த 30 வினாடியால்தான்.

லண்டன் யாழினி

இங்கே இத்தனை பெரிய இடைவெளியை நான் பார்த்ததில்லை. லண்டனில் மிக முந்திய உதயம் ஜூன் 17ஐ ஒட்டியும், மிகப் பிந்திய அஸ்தமனம் ஜூன் 25ஐ ஒட்டியும் வருகின்றன. குளிர்காலத்தில் மிக முந்திய அஸ்தமனம் டிசம்பர் 12 அளவில், மிகப் பிந்திய உதயம் ஆண்டு முடிவில். உச்சிப்பொழுது நகர்வது உலகம் முழுவதற்கும் பொது என்றால் சென்னைக்கு மூன்று வாரமும் எங்களுக்கு நான்கு நாளும் ஏன்?

ஞாயிறுநோக்கி

உச்சியின் நகர்வு பொதுவானது, அதை எதிர்த்து இழுக்கும் அரைப் பகலின் மாற்றம்தான் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. திருப்பம் முடிந்து பத்தாம் நாளில் சென்னையில் அரைப் பகல் நாளுக்கு 5 வினாடி குறைகிறது, லண்டனில் ஏறத்தாழ 30 வினாடி குறைகிறது. உச்சி 12 வினாடிதான் பிந்துகிறது என்பதால் லண்டனில் அதற்குள் போட்டி முடிந்து, மாலை சுருங்கத் தொடங்கிப் பல நாட்கள் ஆகியிருக்கும். நடுவரையிலிருந்து தொலைவு கூடக் கூட இந்த நாட்கள் திருப்ப நாளை நெருங்கும். நடுவரையை நோக்கி வர வர விலகும்.

சிங்கை வளர்மதி

அப்படியானால் எங்கள் ஊரில் என்ன ஆகும்? சிங்கப்பூர் நடுவரைக்கு வடக்கே ஒன்றரை டிகிரிகூட இல்லை. பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் பிள்ளைகள் ஜனவரி, பிப்ரவரியில் இருட்டிலேயே பேருந்துக்கு நிற்கிறார்கள். அக்டோபர், நவம்பரில் அதே நேரத்தில் நல்ல வெளிச்சம் இருக்கிறது. ஜூன், டிசம்பரோடு இதற்குத் தொடர்பே இல்லாதது போலத் தோன்றுகிறது.

ஞாயிறுநோக்கி

உங்கள் ஊர்தான் இந்த இழையின் மிகத் தூய சான்று. அங்கே பகலின் நீளம் ஆண்டு முழுவதும் சில நிமிடங்களே மாறுவதால், இழுபறியில் ஒரு பக்கம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. உச்சிப்பொழுது எங்கே போகிறதோ அங்கே உதயமும் அஸ்தமனமும் சேர்ந்தே போகின்றன. நவம்பர் தொடக்கத்தில் சிங்கப்பூரில் உதயம் 6.46, அஸ்தமனம் மாலை 6.50. பிப்ரவரி 11ஐ ஒட்டி உதயம் 7.17, அஸ்தமனம் 7.21. மூன்று மாதத்தில் பகல் அரை மணி நேரம் அப்படியே பின்னால் நகர்ந்துவிட்டது. அந்த அரை மணி நேரம் முழுவதும் சாய்வும் நீள்வட்டமும் சேர்ந்து சேமித்த வினாடிகள். சென்னைக்காரர்கள் இதையே ஓரளவு மறைந்த வடிவில் பார்க்கிறோம்.

கடற்கரைவாசி (சென்னை)

ஜூலை 9ஐ நானே உறுதிப்படுத்த விரும்புகிறேன். மெரினாவில் நின்றால் உதயத்தைக் கடல் மட்டத்திலேயே பார்க்கலாம். மிக முந்திய உதயம் ஜூன் 1தானா என்பதை அங்கே கடிகாரம் வைத்துப் பார்த்துவிடலாமா? அஸ்தமனத்துக்கு மேற்கே கட்டடங்கள் மறைக்கின்றன.

ஞாயிறுநோக்கி

உதயத்தை வைத்து நாளைக் குறிக்க முயன்றால் ஏமாற்றமே மிஞ்சும். உச்ச நாளை ஒட்டி மாற்றம் அவ்வளவு தட்டையானது; ஜூலை 9க்கு ஐந்து நாள் முன்னும் பின்னும் அஸ்தமனம் மாறுவது 10 வினாடிக்குள்தான். அடிவானத்தை ஒட்டிய காற்றின் வெப்பநிலை மாறினாலே ஒளி வளையும் அளவு மாறி, சூரியன் தோன்றும் கணம் அதைவிடக் கூடுதலாக முன்பின் ஆகிவிடும். அங்கே மேகமும் புகைமூட்டமும் சேர்ந்துகொள்ளும். நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளும் நாட்காட்டிகளில் ஒரே எண் பல நாட்கள் தொடர்ந்து வருவதும், எது உச்ச நாள் என்பதில் ஒன்றுக்கொன்று வேறுபடுவதும் இதனால்தான்.

அதற்குப் பதிலாக உச்சிப்பொழுதை அளந்து பாருங்கள், காரணத்தையே நேரில் பிடித்துவிடலாம். மொட்டை மாடியில் ஒரு மீட்டர் கம்பைத் தூக்குக்குண்டு பார்த்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். வடக்கு தெற்குக் கோட்டைத் திசைகாட்டியால் போட வேண்டாம், இரும்புக் கம்பிகள் அதைக் குழப்பிவிடும். கம்பின் அடியை மையமாக வைத்து ஒரு வட்டம் வரைந்து, முற்பகலிலும் பிற்பகலிலும் நிழல்நுனி அந்த வட்டத்தைத் தொடும் இரு புள்ளிகளுக்கும் நடுவே மையத்திலிருந்து கோடு இழுத்தால் போதும். நிழல் அந்தக் கோட்டைக் கடக்கும் கணத்தை, நொடி சரிசெய்யப்பட்ட கடிகாரத்தில் குறியுங்கள். ஜூனில் நண்பகல் நிழல் 18 சென்டிமீட்டர் அளவே இருக்கும், நுனி நிமிடத்துக்கு 4 மில்லிமீட்டர் நகரும். சூரியன் ஒரு புள்ளியாக இல்லாததால் நிழல் விளிம்பு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மங்கும். மங்கலின் நடுவைக் கவனமாகப் பார்த்தால் அரை நிமிடத் துல்லியம் கிடைக்கும். ஜூன் 1க்கும் ஜூலை 9க்கும் இடையே உச்சி 7 நிமிடத்துக்கு மேல் பிந்துவதால் அந்தப் பிழை உங்களைத் தடுக்காது.

நெய்தல்

இரண்டு காரணங்களின் கூட்டு என்பதை ஏற்கிறேன். ஆனாலும் சாய்வு பெரிதாக மாறாமல் நிற்க, பூமி சூரியனுக்கு அருகில் வரும் நாள் நூற்றாண்டுகளில் பருவங்களினூடே நகர்கிறது அல்லவா? அப்படியானால் இந்த 13, 30 என்ற எண்கள் என்றைக்கும் உரியவை அல்ல. நீள்வட்டத்தின் பங்கு ஒரு காலத்தில் ஜூன் பக்கம் சேரும். அந்த அளவில் என் காரணத்துக்கும் இடம் உண்டு என்றே கருதுகிறேன்.

ஞாயிறுநோக்கி

உண்டு. அருகில் வரும் நாள் ஜூனுக்கு நகரும் தொலை எதிர்காலத்தில் பெரிய விலகல் ஜூனுக்கும் சிறிய விலகல் டிசம்பருக்கும் போகும். பிந்துகிற திசை அப்போதும் மாறாது, ஏனென்றால் 21 வினாடி 8ஐவிடப் பெரியது.

கடற்கரைவாசி (சென்னை)

மிக்க நன்றி. ஒன்று மட்டும் இன்னும் பொருந்தவில்லை. என் நாட்காட்டியின் ஜூன் 21 எண்கள் நீங்கள் தந்தவற்றோடு ஒப்பிட்டால் உதயம் ஏறத்தாழ 4 நிமிடம் பிந்தியும், அஸ்தமனம் ஏறத்தாழ 4 நிமிடம் முந்தியும் இருக்கின்றன. உறவினர் வீட்டு நாட்காட்டியில் உதயம், அஸ்தமனம் இரண்டுமே பிந்தியிருக்கின்றன.

ஞாயிறுநோக்கி

உங்களுடையதில் விலகல் இருபுறமும் சமமாக உள்நோக்கி இருப்பதால், அது சூரியனின் மேல்விளிம்பைக் கொள்ளாமல் நடுப்புள்ளியைக் கொண்டு, காற்றின் ஒளிவளைவையும் சேர்க்காமல் கணித்ததாக இருக்கலாம். அந்த இரண்டும் சேர்ந்து சென்னையில் ஒவ்வொரு பக்கமும் நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். உறவினருடையதில் இரண்டும் ஒரே பக்கம் விலகுவதால் அது மேற்கே உள்ள வேறோர் ஊருக்குக் கணித்ததாக இருக்கக்கூடும். மதுரையின் உச்சிப்பொழுது சென்னையைவிட எட்டரை நிமிடம் பிந்தியது. உதய விலகலையும் அஸ்தமன விலகலையும் கூட்டி இரண்டால் வகுத்துச் சொல்லுங்கள். அந்த எண் கிடைத்தால் எந்தத் தீர்க்கக்கோட்டுக்கு அச்சிட்டார்கள் என்று பார்த்துவிடலாம். நாட்காட்டியின் முதல் தாளிலோ கடைசித் தாளிலோ ஊர்ப்பெயர் சிறிய எழுத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.